ஒரு மேடை, இரண்டு கேமரா, இரண்டு நிறம்: எந்த வழியில் சேர்ப்பது?

நடுக் கேமராவில் பேச்சாளரின் வெள்ளைச் சட்டை வெண்ணெய் நிறத்தில் இருக்கிறது. ஓரக் கேமராவுக்கு வெட்டியதும் அதே சட்டை நீலம் போட்டுத் துவைத்ததுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் இருநூறு வெட்டு இருந்தால் இருநூறு முறையும் கண் உறுத்தும்.

நான் எடுத்துக்கொள்ளும் நிலைமை இதுதான். நடுக் கேமரா சோனியின் லாக் ப்ரொஃபைலான எஸ்-லாக்3, பத்து பிட், ஒயிட் பேலன்ஸ் 4300 கெல்வினில் பூட்டியது. ஓரக் கேமரா சாதாரண ப்ரொஃபைல், எட்டு பிட், ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவிலேயே விட்டது. மேடையில் 3200 கெல்வின் டங்ஸ்டன் விளக்கு, சாம்பல் நிறப் போடியம், பின்னால் அரக்குச் சிவப்புத் திரை. டாவின்சி ரிசால்வ் என்ற நிறத்திருத்த மென்பொருளில் இந்த இரண்டு கேமராவின் நிறத்தைச் சேர்க்க நாலு வழி உண்டு. நாலையும் செய்து பார்த்தவன் என்பதால் எல்லாவற்றுக்கும் சம மரியாதை கொடுக்கப் போவதில்லை.

வழியைத் தேர்வதற்கு முன் எதை எதன் பக்கம் நகர்த்துவது என்று முடிவு செய்ய வேண்டும். நல்ல கேமராவைத்தான் சுமாரான கேமராவின் பக்கம் இறக்க வேண்டும். எட்டு பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதை இழுத்து லாக் படத்தின் நீட்சிக்குக் கொண்டுபோகப் பார்த்தால், திரையின் மங்கலான பகுதியில் பட்டை பட்டையாகத் தெரியும். பத்து பிட்டில் 1024 படிகள் இருப்பதால் அது வளைந்து கொடுக்கும். நடுக் கேமராதான் அழகாக இருக்கிறது, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் பார்ப்பவர் கண்ணில் படுவது அழகைவிட வெட்டு விழும் இடம்தான்.

இன்னொரு சின்னச் சோதனை. ஓரக் கேமராவின் படம் மொத்தமாக வெளிறிப்போய், வெளிச்ச அளவைக் காட்டும் ஸ்கோப்பில் கறுப்பு 64-க்குக் கீழே இறங்காமலும் வெள்ளை 940-ஐத் தாண்டாமலும் நின்றால் அது நிறக் கோளாறே இல்லை. Clip Attributes-இல் Data Levels தப்பாக விழுந்திருக்கிறது. அதை Video என்று மாற்றினால் பாதி வித்தியாசம் அங்கேயே தீர்ந்துவிடும். இதைப் பார்க்காமல் ஒரு மணி நேரம் கான்ட்ராஸ்ட்டோடு மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

இனி முதல் வழி: Shot Match to this Clip. கிளிப்பைத் தேர்ந்து, மாதிரி கிளிப்மேல் வலது சொடுக்கு, முடிந்தது. நாலில் இதுதான் வேகமானது. ஆனால் அது சட்டையையும் முகத்தையும் அடையாளம் கண்டு பொருத்துவதில்லை. படத்தில் நிறமும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் பொருத்துகிறது. நடுக் கேமராவின் அகலக் காட்சியில் முக்கால்வாசி சிவப்புத் திரை. ஓரக் கேமராவின் நெருக்கக் காட்சியில் முக்கால்வாசி முகம். இந்த இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னால், திரையில் இருக்கும் சிவப்பின் கணக்கை முகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேச்சாளருக்குக் காய்ச்சல் அடிப்பதுபோல் இருக்கும். இரண்டு கேமராவும் ஏறத்தாழ ஒரே அளவுக் காட்சியைப் பிடித்த இடத்தில் மட்டும் இது பிழைக்கும். அன்றிரவே முன்னோட்டம் அனுப்பியாக வேண்டிய அவசரம் என்றால் பயன்படுத்துங்கள், மற்றபடி வேண்டாம்.

இரண்டாவது, இருபத்து நாலு கட்டம் கொண்ட கலர் சார்ட். நிகழ்ச்சி தொடங்கும் முன் பேச்சாளர் நிற்கும் இடத்தில் அட்டையைப் பிடித்து இரண்டு கேமராவிலும் எடுத்திருந்தால், Color Match பலகையில் கட்டங்களை அட்டைமேல் பொருத்தி, மூல காமாவையும் இலக்கு காமாவையும் சொன்னால் போதும். வெள்ளையை மட்டுமல்லாமல் சிவப்பு, பச்சை, நீலத்தையும் சேர்த்துப் பொருத்துவதால், துல்லியத்தில் மற்ற வழிகள் கிட்ட நெருங்க முடியாது. அதற்கு மூன்று கட்டாயங்கள் இருக்கின்றன. அட்டை எடுத்த வெளிச்சமே நிகழ்ச்சியிலும் இருக்க வேண்டும், அட்டையின் வெள்ளைக் கட்டம் எரிந்துபோயிருக்கக் கூடாது, அட்டைக்குப் பிறகு கேமரா அமைப்பு மாறக் கூடாது. நம் ஓரக் கேமரா மூன்றாவதில் விழுந்துவிடுகிறது. ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருப்பதால், அட்டையை எடுத்துவிட்டுத் திரையைக் காட்டிய நொடியிலேயே அது வேறொரு வெள்ளைக்குப் போய்விடும். அட்டை அளந்து சொன்னது அந்த ஐந்து நொடிக்கு மட்டுமே உண்மை.

மூன்றாவது, எங்கிருந்தோ இறக்கிய LUT கோப்பு, அதாவது எந்த நிறத்தை எந்த நிறமாக மாற்றுவது என்ற அட்டவணை. ஒரு கேமராவை இன்னொன்றாக மாற்றும் என்று சொல்லித் தருவார்கள். அது எந்த ஒயிட் பேலன்ஸை, எந்த எக்ஸ்போஷரை நினைத்துச் செய்தது என்று கோப்புக்குள் எழுதியிருக்காது. உங்கள் 4300 அதற்குத் தெரியாது. இதற்குமேல் இதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

நாலாவது, நான் கடைசியில் வந்து நிற்கும் வழி. முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, அடுத்து லாக் படத்தைச் சாதாரணத் திரைக்கான நிறத்துக்கு மாற்றும் Color Space Transform போட்டு, மிச்சத்தை மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் பரேட் ஸ்கோப்பைப் பார்த்துக் கையால் தீர்ப்பது. இதில் வரிசைதான் உயிர். பலரும் முதலில் டிரான்ஸ்ஃபார்மைப் போட்டுப் படத்தைப் பார்க்கும்படி ஆக்கிவிட்டு, அதற்குமேல் மஞ்சளை எடுக்கப் போகிறார்கள். அங்கேதான் சிக்குகிறது.

ஏன் என்று எண்களோடு பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்ம் போடாத லாக் படத்தில் போடியத்தின் சிவப்பு 440, நீலம் 372. சட்டையில் சிவப்பு 610, நீலம் 543. போடியம் மங்கல், சட்டை பிரகாசம். ஆனாலும் சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையே உள்ள இடைவெளி இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், 68-உம் 67-உம். காரணம் எளிது. ஒயிட் பேலன்ஸ் தப்பு என்பது உண்மை வெளிச்சத்தில் ஒரு பெருக்கல். லாக் வளைவு பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடுகிறது. எஸ்-லாக்3-இல் நடுச்சாம்பலுக்கு மேலே ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரட்டிப்பாவது, ஏறத்தாழ 79 எண். அப்படியானால் நீலம் இங்கே முக்கால் ஸ்டாப்புக்குச் சற்று மேலாகப் பின்தங்கியிருக்கிறது. Offset சக்கரத்தில் சிவப்பைக் கொஞ்சம் இறக்கி நீலத்தை ஏற்றினால் சட்டையும் போடியமும் ஒரே அசைவில் வெள்ளைக்கும் சாம்பலுக்கும் வந்து சேர்கின்றன.

அதே வேலையை டிரான்ஸ்ஃபார்முக்குப் பிறகு செய்து பாருங்கள். அது பிரகாசமான பகுதியை அமுக்கியிருக்கும், அதனால் சட்டைக்குத் தேவையான கெயின் போடியத்துக்குப் போதாது. போடியத்துக்காகக் காமாவைத் தொட்டால் முகம் நீலம் பூக்கும். முகத்துக்காக இன்னொரு திருத்த நோட், அதைச் சமாளிக்க மற்றொன்று என்று மரம் வளர்ந்துகொண்டே போகும்.

இந்த Offset வழிக்கும் ஒரு குறை உண்டு. எஸ்-லாக்3 அடியில், அதாவது கருநிழலில், இந்தக் கூட்டல் கணக்கு தளர்ந்துவிடுகிறது. அங்கே இடைவெளி ஏற்கனவே சிறியது என்பதால், நீலத்தை முழு அளவுக்கு ஏற்றியதும் திரை மடிப்பின் கறுப்பில் லேசான நீலம் ஏறும். டிரான்ஸ்ஃபார்முக்குப் பிந்தைய நோடில் Lift-இல் நீலத்தை ஒரு துளி இறக்கினால் போய்விடும். பரேடில் மூன்று நிறத்தின் அடிப்பகுதியும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்தால் சரி.

டிரான்ஸ்ஃபார்மில் உள்ளே வருவது S-Gamut3.Cine, S-Log3, வெளியே போவது Rec.709, Gamma 2.4. கேமராவில் Cine வைத்து எடுத்துவிட்டு இங்கே வெறும் S-Gamut3 தேர்ந்தால், அது இன்னும் அகன்ற வெளி என்பதால் நிறங்கள் அளவுக்கு மீறிக் கொதிக்கும். திரை தக்காளிபோல் பளபளத்தால் முதலில் இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். நடுக் கேமராவின் எல்லா கிளிப்பையும் ஒரு குழுவாக்கி, Offset நோடை Group Pre-Clip-இலும் டிரான்ஸ்ஃபார்மை Group Post-Clip-இலும் வைத்தால் ஒரு தடவை செய்ததே அத்தனைக்கும் போய்ச் சேரும். ஒயிட் பேலன்ஸைப் பூட்டி எடுத்ததன் பலன் இங்கேதான் கைக்கு வருகிறது.

ஓரக் கேமராவுக்கு Offset வேண்டாம், Gain. சாதாரண ப்ரொஃபைலின் காமா ஏறத்தாழ ஓர் அடுக்குக் கணக்கு. அதில் பெருக்கல் பெருக்கலாகவே நிற்கும். சட்டையின் நீலத்தைக் குறைத்துச் சிவப்பை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சட்டையின் தோள்பட்டையில் விளக்கு நேராக அடித்து மூன்று நிறமும் உச்சியில் முட்டி எரிந்திருந்தால், அந்த இடம் ஏற்கனவே தூய வெள்ளை. மற்ற இடத்தின் நீலத்தை எடுக்கப் போட்ட கெயின் அந்த வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். Lum vs Sat வளைவின் வலது நுனியைக் கீழே இழுத்து உச்ச வெளிச்சத்தில் நிறத்தை அணைத்துவிடுவதுதான் மருந்து. எரிந்ததை மீட்க முடியாது, மஞ்சளையாவது மறைக்கலாம்.

இப்போது சோதனை. ஒலியை வைத்து ஒத்திசைத்த டைம்லைனில், பேச்சாளர் கையை உயர்த்திய அதே கணத்தை இரண்டு கேமராவிலும் நிறுத்தி, ஒன்றை ஸ்டில்லாகப் பிடித்து, இரண்டையும் பாதிப் பாதியாகக் காட்டும் Wipe போட்டுப் பாருங்கள். சட்டை, போடியம், கறுப்பு மூன்றும் ஒத்துப்போன பிறகும் திரை ஒன்றில் அரக்காகவும் மற்றதில் ஆரஞ்சு கலந்தும் நிற்கக்கூடும். சென்சாருக்கு மேல் இருக்கும் வடிகட்டியும் நிறுவனத்தின் நிறக் கணக்கும் வேறு வேறு என்பதால் வெள்ளை ஒத்தாலும் அடர்நிறம் ஒக்காது. நடுக் கேமராவில் Hue vs Hue எடுத்து, திரையின் சிவப்பை மட்டும் ஓரக் கேமராவின் பக்கம் தள்ளுங்கள். உதடும் கன்னமும் பக்கத்துச் சிவப்பிலேயே இருப்பதால், தள்ளும்போது வெக்டர்ஸ்கோப்பில் தோல் கோட்டையும் ஒரு கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கன்னம் மட்டும் இருண்டு தெரிகிறது என்று அதையும் சரிக்கட்ட முனையாதீர்கள். ஓரக் கேமரா நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு அப்படித்தான் விழுகிறது.

கடைசியில் மிஞ்சுவது ஆட்டோ ஒயிட் பேலன்ஸின் அலைச்சல். ஓரக் கேமராக்காரர் முகத்திலிருந்து அகலத்துக்கு வந்தால் சட்டகம் முழுக்கச் சிவப்பாகிறது. கேமரா பயந்து நீலத்தை ஏற்றுகிறது. மீண்டும் முகத்துக்குப் போனால் இரண்டு மூன்று நொடியில் திரும்பி வருகிறது. இந்த நகர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் கெயின் நோடுக்கு, திருத்தத்தைப் படிப்படியாக மாற்றும் டைனமிக் கீஃப்ரேம் போட வேண்டும். ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. நான் முதலில் டைம்லைனை ஓடவிட்டு, ஓரக் கேமரா நிறம் மாறும்போது திரையில் இருக்கும் இடங்களை மட்டும் குறித்துக்கொள்வேன். பாதி இடத்தில் வெட்டை இரண்டு நொடி தள்ளிப்போட்டாலே அலைச்சல் நடுக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மிச்சத்துக்கு மட்டும் கீஃப்ரேம்.