ஐந்து லிட்டர் குக்கர்: உள்மூடியா, வெளிமூடியா?

எங்கள் பாத்திரக்கடை ஆன்லைனில் விற்கும் பொருள்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒரு நாள் ஓர் அம்மா, வாங்கிய குக்கரோடு கடைக்கே வந்துவிட்டார். "தம்பி, அஞ்சு லிட்டர்னுதானே போட்டிருந்தீங்க? என் பழைய அஞ்சு லிட்டர் குக்கரோட அடுக்கு இதுக்குள்ள இறங்கவே மாட்டேங்குது." குக்கரில் கோளாறு இல்லை. அவருடைய பழையது வெளிமூடி, புதியது உள்மூடி. 'இன்னர் லிட்' என்று நான் குறிப்பில் போட்டிருந்தேன். அப்படியென்றால் என்னவென்று எழுதத்தான் விட்டுவிட்டேன்.

உள்மூடிக் குக்கரின் வாய் அதன் வயிற்றைவிடக் குறுகல். மூடி லேசான நீள்வட்டம். சாய்த்து உள்ளே விட்டு, திருப்பி, மேலே இழுத்துக் கைப்பிடியில் மாட்ட வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு கை பழகிவிடும். உள்ளே ஆவி ஏற ஏற, அதுவே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடிக்கும். ஆவி இருக்கும்வரை இழுத்தாலும் வராது. அவசரக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வெளிமூடியில் வாய் முழு அகலம். அடியில் தண்ணீர், அதன்மேல் பருப்பு, அதற்கு மேல் அரிசி என்று அடுக்கு வைத்து ஒரே தடவையில் இறக்குகிற வீட்டுக்கு இதுதான் வசதி. ஆனால் பூட்டு மூடியின் காதுகளில் மட்டுமே இருக்கிறது. கொஞ்சம் ஆவி மிச்சம் இருக்கும்போதே பலமாகத் திருகினால் சிலசமயம் திறந்துவிடும், உள்ளிருப்பது மேலே தெறிக்கும். வெயிட்டைத் தூக்கிப் பார்த்து 'உஸ்' சத்தம் சுத்தமாக நின்ற பிறகே கைப்பிடியைத் தொட வேண்டும்.

லிட்டர் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு பிடிக்கும் என்பதே அந்த எண். சமைக்கும்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. பொங்கி நுரைக்கும் பருப்பும் அரிசியும் நேரடியாக வேகும்போது பாதியோடு நிறுத்த வேண்டும். 200 மில்லி டம்ளரில் மூன்று டம்ளர் அரிசிக்கு ஏழரை டம்ளர் தண்ணீர் என்றால் மொத்தம் சுமார் 2.1 லிட்டர். ஐந்து லிட்டர் குக்கரின் பாதி 2.5, எனவே தாராளம். மூன்று லிட்டரின் பாதி 1.5, அதில் இந்த அளவு ஆகாது. மீறி வைத்தால் பருப்பு நுரை ஆவிக்குழாயில் ஏறி அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் சேஃப்டி வால்வு உருகும். சில வெளிமூடிகளில் விளிம்பிலுள்ள திறப்பு வழியாக கேஸ்கட் பிதுங்கி ஆவியை வெளியே விடும். அப்படிப் பிதுங்கியதைத் திரும்ப உள்ளே தள்ளி ஓட்டக் கூடாது, புதிது போட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து ஊதிப் பார்த்தால் இந்தக் கதையே வராது.

கேஸ்கட் தேய்ந்துவிட்டதை விசிலே சொல்லிவிடும். வழக்கத்தைவிட நேரமாகியும் விசில் வராமல், மூடி ஓரத்தில் ஆவி கசிந்து, பக்கவாட்டில் தண்ணீர் வழிந்தால் ரப்பர் இறுகிவிட்டது அல்லது தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்தால் அன்றைய சமையலுக்கு ஓடும். அதைக் கைவைத்தியமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் கழற்றிக் கழுவி, ஈரம் போக வைத்து, மூடியைப் பூட்டாமல் பாத்திரத்தின் மேல் கவிழ்த்து வைத்தாலே நாள்பட உழைக்கும். மாற்றும்போது லிட்டரை மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். உள்மூடி ரப்பர் வெளிமூடிக்கு ஆகாது, ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் அளவு மாறும். பழையதைக் கையோடு கொண்டுவருவதே நல்லது.

சரி, அந்த அம்மாவுக்கு ஐந்து லிட்டர் வெளிமூடி அலுமினியம் ஒன்றை எடுத்து வைத்தேன். அடுக்கு கச்சிதமாக இறங்கியது. பில் போடும் நேரத்தில், "கேஸ் தீர்ந்தா இண்டக்‌ஷன்ல வைப்பேன், ஆகும்ல?" என்றார். மேசையிலிருந்த காந்தத்தை அடியில் ஒட்டினேன், ஒட்டாமல் விழுந்தது. வெறும் அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடாகாது. கறுப்பாக இருக்கும் ஹார்ட் அனோடைஸ்டும் உள்ளே அலுமினியமே. இரண்டிலும் அடியில் எஃகுத் தகடு பதித்து 'இண்டக்‌ஷன் பேஸ்' என்று போட்டிருந்தால் மட்டும் ஆகும். கேஸுக்கு இந்தக் கவலை இல்லை, தீ அடிப்பாகத்தைத் தாண்டிக் கைப்பிடியைச் சுடாமல் இருந்தால் போதும்.

கடைசியில் அதே வெளிமூடியில் எவர்சில்வர் எடுத்துக்கொண்டார், விலை கூட. இப்போது என் குறிப்பில் லிட்டருக்குக் கீழேயே வாயின் உள் அகலத்தையும் சென்டிமீட்டரில் போடுகிறேன்.