ஆள் எடுக்கும் வீடியோ: "25,000 வரை" என்பதா, கையில் வரும் தொகையைச் சொல்வதா?

மணலி சாலையை ஒட்டிய ஒரு சின்ன மெஷின் ஷாப். நான்கு சிஎன்சி லேத், இருபது பேர். டூலைப் பொருத்தி அளவைச் சரிசெய்யும் ஒரு செட்டர் தேவை, ஒன்றரை நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் விட வேண்டும். இப்படி ஒரு பட்டறைக்கு இரண்டு விதமாக ஸ்கிரிப்ட் எழுதலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதல் ஸ்கிரிப்ட் எல்லோருக்கும் பழக்கமானது: "சிஎன்சி ஆபரேட்டர் உடனடித் தேவை. மாதம் 25,000 வரை சம்பளம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் உண்டு. ரொட்டேஷனல் ஷிப்ட். இன்றே அழையுங்கள்."

இரண்டாவது, பட்டறைக்குள்ளேயே மூத்த செட்டர் நின்று பேசுவது: "சம்பளம் 20,000. பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 150 போக, ஓ.டி. இல்லாத மாசம் கையில 18,170 வரும். ஓ.டி.க்கு டபுள். ஆனா எல்லா மாசமும் ஓ.டி. இருக்காது."

இரண்டும் ஒரே வேலையைப் பற்றித்தான் பேசுகின்றன. முதல் ஸ்கிரிப்டில் "வரை" என்ற சொல்லுக்குள் ஓ.டி. ஒளிந்திருக்கிறது. மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 20,000 ரூபாய்க்கு மணிக்குச் சுமார் 96 ரூபாய். சட்டப்படி ஓ.டி.க்கு இரட்டிப்பு, அதாவது 192 ரூபாய். மீதி 5,000 வர வேண்டுமானால் மாதம் 26 மணி நேரம், தினம் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டும். சிங்கிள் ரேட் கொடுக்கும் பட்டறையாக இருந்தால் அதே 5,000-க்குத் தினம் இரண்டு மணி நேரம். பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது. முதல் சம்பளச் சீட்டில் 18,170-ஐப் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை.

பிடித்தத்தைச் சொல்லும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும். பி.எஃப். 12 சதவீதம் மொத்தச் சம்பளத்தில் அல்ல, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில்தான். இங்கே அது 14,000. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், மொத்தத்தில். தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பதால் அந்த மாதம் கொஞ்சம் குறையும். அதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

"ஆபரேட்டர்" என்ற சொல்லும் முதல் ஸ்கிரிப்டைக் கெடுக்கிறது. பீஸ் மாட்டி பட்டனை அழுத்துகிறவரும் கூப்பிடுவார், ட்ராயிங் பார்த்து டூல் செட் பண்ணுகிறவரும் கூப்பிடுவார். நாள் முழுக்க போன் அடிக்கும், ஆள் கிடைக்க மாட்டார். இரண்டாவதில் கேமரா கைக்கு அருகே போகிறது: செட்டர் இன்சர்ட் மாற்றுகிறார், முதல் பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார், மெஷினின் ஆஃப்செட் அளவில் இரண்டு சென்ட், அதாவது 0.02 மி.மீ., குறைக்கிறார். "இதை நீங்களே செய்யணும். ஒரு நாள் ட்ரையல். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு" என்கிறார். தெரிந்தவர் அந்தக் கையைப் பார்த்தே புரிந்துகொள்வார். தெரியாதவர் தானே ஒதுங்கிக்கொள்வார்.

ஷிப்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காலை 6 முதல் 2, மதியம் 2 முதல் 10, வாரம் ஒருமுறை மாறும். அவ்வளவே போதும். ஆனால் மணியைச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் அவரோடு உட்கார்ந்து பார்க்கிற அம்மாவும் மனைவியும் கேட்பது அதைத்தான். இரவு பத்து மணிக்கு எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கில் வர வேண்டுமா என்பது அவர்களுக்குச் சின்னக் கேள்வி இல்லை.

வேலை நிலைமையில் உண்மையைச் சொல்லும் ஸ்கிரிப்டும் சறுக்கலாம். "சூடா இருக்கும், கூலன்ட் வாடை வரும்" என்று குறைகளை மட்டும் அடுக்கினால் அது எச்சரிக்கைப் பலகை ஆகிவிடும். ஒவ்வொரு குறையோடும் பட்டறை என்ன செய்கிறது என்பதும் வர வேண்டும்: "ஷீட் கூரை, மே மாசம் வெக்கை தாங்காது. ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும், ஏசி கிடையாது. கூலன்ட் கைல பட்டா சிலருக்கு அரிக்கும், க்ரீம் வெச்சிருக்கோம். மெஷின்ல விழுற உலோகச் சுருளை வெறுங்கையால எடுக்கக் கூடாது, கொக்கி இருக்கு." செய்யாத ஒன்றைச் சொல்லவே கூடாது. ட்ரையலுக்கு வருகிறவர் அன்றைக்கே ஃபேனைப் பார்த்துவிடுவார்.

முதலாளிகள் தயங்குவது ஒரே காரணத்துக்காக: 18,170 என்று சொன்னால் பக்கத்துப் பட்டறையின் 25,000-க்கு ஓடிவிடுவார்களே! போன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு செட்டர் பத்தாவது நாள் நின்றுவிட்டால் அவருக்காகக் காத்திருந்த மெஷின் மறுபடி சும்மா நிற்கும், அடுத்தவருக்கு மறுபடி ட்ரையல், மறுபடி பீஸ் ரிஜெக்‌ஷன். நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன், ஒரு திருத்தத்தோடு: அதன் முதல் வரியிலேயே 20,000-க்கு முன்னால் 18,170 வரட்டும். சம்பளம் எந்தத் தேதி கைக்கு வரும் என்பதும் அதே வரியில் இருக்கட்டும்.