ஆரஞ்சாக மின்னினால் அது மூடுபனி லென்ஸ் ஆகிவிடாது: காகிள்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

குல்மார்க், சோலாங், கேதார்காந்தா என்று குளிர்காலத்தில் பனிப்பக்கம் கிளம்புகிறவர்கள் காகிள்ஸ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். வெளியே ஆரஞ்சாகவோ நீலமாகவோ பளபளக்கும் ஒரே லென்ஸைக் காட்டி, வெயிலுக்கும் ஆகும் மூடுபனிக்கும் ஆகும் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிவிடுங்கள். சென்னையில் ட்ரெக்கிங் சாமான் விற்கும் ஒரு கடையில் அப்படிச் சொல்லித்தான் எங்கள் தலையில் கட்டினார்கள். அதன் பலனாக என் சித்தி மகன் குல்மார்க்கில் ஒரு ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தான்.

கடையில் நாங்கள் தெளிவாகவே கேட்டோம். வெயிலுக்கு ஒன்று, மேகம் இறங்கினால் மாட்டிக்கொள்ள ஒன்று, ஆளுக்கு இரண்டு லென்ஸ் வேண்டும் என்று. கடைக்காரத் தம்பி சிரித்தார். "ரெண்டு எதுக்குண்ணா வீண் செலவு? இந்த ஆரஞ்சு ஃபாக்குக்குன்னே வர்ற லென்ஸ். வெயில்லயும் இதையே போட்டுக்கலாம்." பெட்டியில் யூவி400 என்றும் ஆன்ட்டி ஃபாக் என்றும் பெரிதாக அச்சடித்திருந்தது. அதைத்தான் அவர் ஆதாரமாகக் காட்டினார். ஆன்ட்டி ஃபாக் என்பது நம் மூச்சுக்காற்று பட்டு லென்ஸின் உள்பக்கம் ஆவி படியாமல் இருக்கப் பூசுவது. மலையில் இறங்கும் மூடுபனிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. இது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இரண்டாவது லென்ஸ் வேண்டாம் என்று அடித்துச் சொன்னதற்கு அறியாமையைச் சாக்காக ஏற்க எனக்கு மனமில்லை.

குல்மார்க்கே 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் கோண்டோலா கேபிள் காரின் இரண்டாவது கட்டம் அபர்வத் மலையின் தோளில், 4,000 மீட்டரை ஒட்டிய இடத்தில் கொண்டுபோய் விடும். மரம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே வெள்ளை. காலையில் நல்ல வெயில். அந்த லென்ஸ் அருமையாக வேலை செய்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் மேகம் வந்து உட்கார்ந்ததும் கதை மாறிவிட்டது. கீழே இருப்பது மேடா பள்ளமா என்றே தெரியவில்லை. நிற்கிறோமா, மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கிறோமா என்பதுகூடச் சில நேரம் சந்தேகமாகிவிடும். சித்தி மகன் முழங்கால் உயர மேடு ஒன்றை நேராகப் போய் முட்டி விழுந்தான். நான் அவனைத் தூக்கப் போய் அவன் பக்கத்திலேயே விழுந்தேன்.

எங்களோடு வந்த உள்ளூர் ஸ்கீ பயிற்சியாளர் என் காகிள்ஸைக் கழற்றித் திருப்பினார். உள்பக்கம் கண் வைத்துப் பனியைப் பார்த்துவிட்டு, என்னையும் அப்படியே பார்க்கச் சொன்னார். ஆரஞ்சே இல்லை. அடர்ந்த சாம்பல் நிறம். "வெளியில இருக்குறது வெறும் பூச்சு. உங்க கண்ணுக்கு வர்றது இந்தச் சாம்பல்தான். இது பளீர் வெயிலுக்கான லென்ஸ்" என்றார்.

நம்மை ஏமாற்றும் இடம் இதுதான். ஸ்கீ லென்ஸில் இரண்டு நிறம் உண்டு. பிளாஸ்டிக்கிலேயே கலந்திருப்பது அடிநிறம், நாம் உலகத்தைப் பார்ப்பது அதன் வழியாக. வெளியே தெரிகிற ஆரஞ்சு, நீலம், பச்சை எல்லாம் மேலே ஏற்றிய மெல்லிய மிரர் கோட்டிங். வரும் வெளிச்சத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அதாவது மிரர் ஏறினால் லென்ஸ் இன்னும் கொஞ்சம் இருட்டாகும். மூடுபனிக்கு நமக்கு வேண்டியது நேர் எதிரானது.

எவ்வளவு வெளிச்சத்தை லென்ஸ் உள்ளே விடுகிறது என்பதற்கு ஐரோப்பியத் தரப்படி ஒரு வகை எண் இருக்கிறது. எஸ்0 முதல் எஸ்4 வரை. எஸ்1 என்றால் 43 முதல் 80 சதவீதம், எஸ்2 என்றால் 18 முதல் 43, எஸ்3 என்றால் 8 முதல் 18, எஸ்4 என்றால் 3 முதல் 8 சதவீதம். மேகமூட்டத்துக்கு எஸ்1, நல்ல வெயிலுக்கு எஸ்3, பனியாறுகள் மாதிரி இடங்களுக்கு எஸ்4. ஒழுங்கான தயாரிப்பில் இந்த எண் லென்ஸின் ஓரத்திலோ ஃபிரேமிலோ கூடவே வரும் காகிதத்திலோ இருக்கும். எங்கள் பெட்டியை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தும் அது இல்லை. ஊருக்குத் திரும்பியதும் தெரிந்த கண்ணாடிக் கடையில் கொடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தோம். உள்ளே விடும் வெளிச்சம் 12 சதவீதம். சந்தேகமே இல்லாமல் எஸ்3.

விழுந்ததோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். லென்ஸ் வழியாக ஒன்றும் தெரியாததால் சித்தி மகன் காகிள்ஸை ஹெல்மெட் மேல் ஏற்றிவிட்டுவிட்டு, மீதி மதியம் முழுக்க வெறுங்கண்ணோடு சுற்றினான். வெயில்தான் இல்லையே, கண் கூசவும் இல்லையே! ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு ஆரம்பித்தது. கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தல், நிற்காமல் தண்ணீர், அறை விளக்கைக்கூடப் பார்க்க முடியவில்லை. பனிக்குருடு என்பார்கள். புற ஊதாக் கதிரால் கருவிழியின் மேல்தோல் வெந்துபோவது. பட்ட உடனே வலிக்காது, பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால்தான் காரணத்தைப் பலர் கண்டுபிடிப்பதே இல்லை.

மேகம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்கும் அளவுக்குப் புற ஊதாவைத் தடுப்பதில்லை. உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட அது ஏறத்தாழ 10 சதவீதம் அதிகமாகும். புதிதாக விழுந்த பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி மேலே அடிக்கும், கடற்கரை மணல் 15 சதவீதம்தான். மெரினாவில் வெயிலில் நின்று பழகிய கண் நமக்கு, தொப்பி போட்டால் போதும் என்று நினைப்போம். அங்கே கதிர் கீழேயிருந்தும் வருகிறது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த லென்ஸ் புற ஊதாவை முழுக்கத் தடுத்தது, கண்ணாடிக் கடை மீட்டரே அதைக் காட்டியது. அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்கே பெரும்பகுதிப் புற ஊதாவை விடாது, அடர் நிறம் தேவையில்லை. வெள்ளை லென்ஸும் தடுக்கும், மஞ்சள் லென்ஸும் தடுக்கும். ஆகவே யூவி400 என்பது பொய்யில்லை. மேகத்தில் கழற்றாமல் போட்டுக்கொள்ள முடியாத லென்ஸை மேகத்துக்கானது என்று விற்றதுதான் மோசடி. கழற்றிவிட்டால் யூவி400 யாரைக் காப்பாற்றும்?

சரி, மேகத்துக்கு எந்த நிறம்? மஞ்சள், வெளிர் ரோஸ், வெளிர் ஆம்பர். இவை அடிநிறமாக இருக்க வேண்டும், மிரர் இல்லாமலோ மிக லேசாகவோ. பனியில் உள்ள சின்னச் சின்னப் பள்ளங்களில் விழும் நிழல் கொஞ்சம் நீலமாக இருக்கும். மஞ்சளும் ரோஸும் நீலத்தைக் குறைப்பதால் அந்தப் பள்ளங்கள் சுற்றுப்புறத்தைவிட இருண்டு தெரியும், மேடு பள்ளம் பிரியும். ஆனால் மஞ்சள் லென்ஸ் மூடுபனியைக் கிழித்துக்கொண்டு பார்க்கும் என்று ஒரு வியாபாரப் பேச்சு உண்டு, அதையும் நம்பாதீர்கள். மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். நிழலே இல்லாத முழு வெள்ளையில் எந்த லென்ஸாலும் நிழலை உண்டாக்க முடியாது. அப்போது செய்யக்கூடியது, மரங்கள் இருக்கும் கீழ்ச்சரிவுக்கு இறங்கிவிடுவதுதான். மரம் இருந்தால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

வெயிலுக்குச் சாம்பல் அல்லது பழுப்பு. சாம்பலில் நிறங்கள் மாறாமல் தெரியும், பழுப்பில் பனியின் வரிகள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். எனக்குப் பழுப்புதான் பிடிக்கும். லடாக்குக்கு பைக்கில் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: இருட்டாக இருந்தால் நல்லது என்று எஸ்4 வாங்கிவிடாதீர்கள். அது வண்டி ஓட்டக் கூடாத வகை.

வெளிச்சத்துக்கேற்ப மாறும் ஃபோட்டோக்ரோமிக் லென்ஸை ஒரே தீர்வாகச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் குளிரில் அது அதிகமாகக் கறுக்கும், திரும்ப வெளுக்கவும் அதிக நேரம் எடுக்கும். மலையில் மேகம் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி. காகிள்ஸைப் போட்டுக்கொண்டு, அறைக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பில்லில் உள்ள பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். மூடுபனி லென்ஸ் என்றால் சிரமமில்லாமல் படிக்க வர வேண்டும், காகிதம் மஞ்சளாகவோ ரோஸாகவோ தெரிய வேண்டும். இருட்டடித்தால் அது வெயில் லென்ஸ், வெளியே எந்த நிறத்தில் மின்னினாலும் சரி. புற ஊதாவுக்கு 365 நானோமீட்டர் டார்ச் ஒன்று போதும். ரூபாய் நோட்டின் எண்கள் அந்த ஒளியில் மின்னும். நடுவில் லென்ஸைப் பிடித்தால் அணைந்துபோக வேண்டும்.

சித்தி மகனுக்குக் கண் இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இருட்டறை, கண்மேல் ஈரத்துணி, வலி மாத்திரை, கண்ணைக் கசக்காமல் இருப்பது, அவ்வளவுதான் வைத்தியம். மறுநாள் பார்த்த டாக்டர், மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தால் திரும்பத் திரும்ப விடாதே, புண் ஆறுவது தள்ளிப்போகும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கடைக்குப் போனோம். "யூஸ் பண்ணிட்டீங்களே சார்" என்றார்கள். 'அண்ணா' போய் 'சார்' வந்திருந்தது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். மாற்றித் தருகிறோம் என்று எடுத்து வைத்தது நீல மிரர். அதைத் திருப்பிப் பார்த்தேன், உள்ளே அதே சாம்பல். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையும், பொருளைப் பற்றித் தவறாகச் சொல்லி விற்பதையும் முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. எங்கள் கையில் இருக்கும் பலமான சாட்சி, வாங்கும் முன் "மூடுபனிக்கு ஆகுமா" என்று கேட்டு அவர்கள் "ஆகும்" என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. நீங்களும் கேள்வியை வாயால் கேட்டுவிட்டு விடாமல், வகை எண் என்ன, அடிநிறம் என்ன என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.