வயரின் நுனி தெரியாத படத்தை வைத்து மைக் வாங்காதீர்கள்

புதிதாக வீடியோ போடத் தொடங்கும் பிள்ளைகள் பலர், பிடித்த சேனலில் தெரிகிற மைக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, "இது என்ன மைக், உங்களிடம் இருக்கிறதா?" என்று முகநூலில் விற்பவர்களிடம் கேட்கிறார்கள். திருகோணமலையில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தங்கச்சி சமையல் வீடியோ தொடங்க ஆசைப்பட்டாள். கடைசியில் 11,300 ரூபாவும் மூன்று கிழமையும் போனதுதான் மிச்சம். வேறு யாருக்கும் இப்படி நடக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

அவள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு அக்கா மேசைக்கு முன்னால் இருந்து பேசுகிறார். அவருடைய இரண்டு கண்மணிகளிலும் வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அது ரிங் லைட் என்று எங்களுக்கே விளங்கியதால் அதை டவுனில் நேரில் பார்த்து வாங்கினோம், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மைக்தான் புரியவில்லை. கறுப்பு உடம்பு, மேலே பொன் நிற வலை, சுற்றிவர சிலந்திக் கால் மாதிரி ஒரு பிடி.

விற்பவர் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார்: "இது பிஎம்-800. அதே மைக்தான். போனுக்கும் வேலை செய்யும்." 8,500 ரூபா, பொருள் கைக்கு வந்ததும் காசு. கூரியரில் வந்த பெட்டியில் மைக், மேசையில் பூட்டும் கை, பஞ்சு உறை, வயர் எல்லாம் இருந்தன. வயரின் ஒரு முனை மைக்கின் அடியில் பூட்டுகிற தடித்த உலோக பிளக். மறுமுனை நாங்கள் ஹெட்போனில் பார்க்கிற மெல்லிய 3.5 மில்லிமீட்டர் பிளக். அவளுடைய போனில் அந்த ஓட்டை இருந்தது, சரியாகப் பொருந்தியது. அவளுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம்.

முதல் வீடியோவில் குரல் கேட்டது, ஆனால் தூரத்தில் இருந்து பேசுவது போலக் கேட்டது. ரிங் லைட்டில் செருகிய போன் நான்கடி தள்ளி நின்றது, மைக்கோ வாய்க்குக் கிட்ட இருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து வாய்ஸ் ரெக்கார்டரைத் திறந்து, மைக்கின் வலையை நகத்தால் சுரண்டினேன். பிறகு போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டினேன். போட்டுக் கேட்டால் முதலாவது சத்தம் இல்லவே இல்லை, இரண்டாவது காதைக் கிழித்தது. பதிவானது முழுக்க போனின் சொந்த மைக்கில். (இந்தச் சோதனையை வாய்ஸ் ரெக்கார்டரில் செய்யுங்கள். சில போன்களின் கமரா செயலி, நல்ல வெளி மைக்கைக்கூட எடுக்காது.)

விற்பவரிடம் சொன்னோம். மன்னிப்புக் கேட்கவில்லை, மாற்றித் தரவும் இல்லை. "அதற்கு 48 வோல்ட் பவர் பெட்டி வேண்டும், அது இல்லாமல் எப்படி வேலை செய்யும்?" என்று எங்களையே கேட்டார். வாங்கும்போது அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. இன்னும் 2,800 ரூபா கொடுத்து அதையும் வாங்கினோம். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி சுரண்டிப் பார்த்தேன். அதே கதை.

அதற்குப் பிறகுதான், கோயில் திருவிழாக்களுக்கு சவுண்ட் கட்டுகிற ஒரு அண்ணாவிடம் மைக்கின் படத்தை அனுப்பினேன். அவர் மைக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, வயரின் நுனியைக் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்புங்கோ" என்றார். அனுப்பினேன். "கறுப்பு வளையம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கோ."

இரண்டு இருந்தன. தங்கச்சியின் போனோடு வந்த, மைக் உள்ள ஹெட்போனின் பிளக்கில் மூன்று.

அந்த ஒரு வளையத்தில்தான் எல்லாம் இருந்தது. இப்போதைய போன்களின் 3.5 ஓட்டைக்குள் நான்கு தொடுமுனைகள் உண்டு: இடது காது, வலது காது, எர்த், மைக். மூன்று வளையம் உள்ள பிளக்கில் நான்கு உலோகப் பகுதி இருப்பதால் நான்கும் தனித்தனியாகத் தொடும். இரண்டு வளையம் உள்ள பிளக்கில் மூன்று பகுதிதான். அதை போனில் செருகினால் எர்த்தும் மைக்கும் ஒரே உலோகத்தில் பட்டு, மைக் இணைப்பு ஷார்ட் ஆகிவிடும். போன் "மைக் இல்லாத ஹெட்போன் செருகியிருக்கிறார்கள்" என்று எடுத்துக்கொண்டு தன் சொந்த மைக்குக்குப் போய்விடும். பவர் பெட்டியிலிருந்து வெளியே வந்த வயரின் நுனியிலும் அதே இரண்டு வளையம். அதனால் 48 வோல்ட் கொடுத்தும் பயன் இல்லை. அந்த வயர் கணினியின் பிங்க் நிற மைக் ஓட்டைக்கு ஏற்றது.

பிறகு அண்ணா பழைய ஸ்கிரீன்ஷாட்டையும் கேட்டார். நாங்கள் பொன் நிற வலையை மட்டும் பார்த்த அதே படத்தில் அவர் வேறு இரண்டைப் பார்த்தார். மைக்கின் உடம்பு வழவழவென்று இருந்தது. திருகும் குமிழ் இல்லை, ஹெட்போன் ஓட்டை இல்லை, விளக்கு இல்லை. நேரே கணினியில் செருகுகிற யூஎஸ்பி மைக்குகளில் பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். மற்றது, மேசையின் ஓரத்தில் பாதி தெரிந்த, இரண்டு குமிழ் உள்ள சின்னப் பெட்டி. அது ஆடியோ இண்டர்பேஸ். மைக் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று ஊசி வயரால் அந்தப் பெட்டிக்குப் போகிறது, பெட்டி மின்சாரமும் கொடுத்து, குரலைக் கணினிக்குள் அனுப்புகிறது. அந்த அக்காவின் குரலில் பாதி வேலை அந்தப் பெட்டியுடையது. போன் எங்குமே இல்லை.

"அதே மைக்தான்" என்று விற்பவர் சொன்னதும் சரியில்லை என்று அண்ணா சொன்னார். அந்த உடம்பு வடிவத்தில் பல பெயர்களில் பல மைக்குகள் வருகின்றன, உள்ளே இருப்பது வேறு வேறு. முன்பக்கம் மட்டும் தெரிகிற படத்தை வைத்து மாடல் எண்ணை அடித்துச் சொல்லவே முடியாது என்று இருபது வருடம் மைக் பிடித்தவர் சொல்கிறார். விற்பவருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இதுதான் எனக்கு இன்றும் கோபம் வருகிற இடம். தெரியாது என்று சொல்லியிருந்தால் நாங்கள் வேறு ஆளிடம் கேட்டிருப்போம்.

ஏற்கெனவே இந்த செட்டை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் எறிந்துவிட வேண்டாம். ஒரு பக்கம் மூன்று வளைய பிளக், மறுபக்கம் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனி ஓட்டை உள்ள 'ஒய்' வடிவச் சின்ன வயர் கடைகளில் கிடைக்கும். பவர் பெட்டியின் வயரை அதன் மைக் ஓட்டையில் செருகி, மூன்று வளையப் பக்கத்தை போனில் செருகினோம். நகத்தால் சுரண்டியதும் சத்தம் கேட்டது. பின்னால் லேசான இரைச்சல் இருக்கிறது, பேன் ஓடினால் அதையும் சேர்த்து இழுக்கிறது. ஆனாலும் தங்கச்சியின் குரல் இப்போது கிட்ட நின்று பேசுவது போல இருக்கிறது. டைப்-சி ஓட்டை மட்டும் உள்ள போன் என்றால் இந்த வழி நேரே சரிவராது, அதற்கு முதலில் மைக்கையும் எடுக்கிற டைப்-சி மாற்றி வேண்டும்.

யாரிடம் கேட்டாலும் இப்படிக் கேளுங்கள்: "மைக்கின் அடிப்பக்கத்தையும் வயரின் இரண்டு நுனிகளையும் கிட்ட எடுத்துப் படம் அனுப்புங்கள். இதே வயரால் ஒரு போனில் செருகி, வலையைச் சுரண்டி, அந்தப் பதிவையும் அனுப்புங்கள்." நான் வேறு பெயரில் அதே விற்பவரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். படமும் வரவில்லை, பதிவும் வரவில்லை. மறுநாள் என்னை பிளாக் செய்துவிட்டார். விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அதில் மைக்கின் முன்பக்கம் மட்டும்தான் தெரிகிறது.