ஒருபக்கச் சோதனையா, இருபக்கச் சோதனையா: 72 பேரும் 92 பேரும்

சாம்பிள் சைஸ் கணக்கில் மற்ற எதையும் தொடாமல், இருபக்கச் சோதனையை ஒருபக்கமாக மாற்றினால் மட்டுமே தேவைப்படும் ஆட்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆள் சேர்ப்பதுதான் ஆய்வில் பெரும் செலவு என்பதால் இந்தக் குறைப்பு பலரை இழுக்கிறது. அது எங்கிருந்து வருகிறது, பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை ஒரே ஆய்வை இரண்டு விதமாகவும் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம்.

ஆய்வு இதுதான். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே கொடுக்கப்படும் மாத்திரை ஒன்று, புதியது ஒன்று. நோயாளிகள் இரண்டு சம குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரிக்கப்படுகிறார்கள். 12 வாரம் கழித்து சிஸ்டாலிக் அழுத்தத்தின் சராசரி ஒப்பிடப்படும். 5 மி.மீ. வித்தியாசம் இருந்தால் அதைத் தவறவிடக் கூடாது என்பது நோக்கம். ஆளுக்கு ஆள் உள்ள ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 12 மி.மீ. தற்செயலாக ஏமாறும் வாய்ப்புக்கு வைக்கும் வரம்பு, அதாவது ஆல்ஃபா, 0.05. வித்தியாசம் நிஜமாகவே இருந்தால் அதைப் பிடித்துவிடும் வாய்ப்பு, அதாவது பவர், 80 சதவீதம்.

இருபக்கச் சோதனை கேட்கும் கேள்வி: இரண்டு மாத்திரைகளுக்கும் வித்தியாசம் உண்டா, எந்தத் திசையில் இருந்தாலும்? ஒருபக்கச் சோதனை கேட்பது: புதியது மேலானதா? தற்செயலாக ஏமாறுவதற்கு நாம் அனுமதிக்கும் 5 சதவீதத்தை முதலாவது இரண்டு திசைக்கும் 2.5, 2.5 என்று பிரித்துக் கொடுக்கிறது. இரண்டாவது முழு 5 சதவீதத்தையும் ஒரே திசைக்கு வைத்துவிடுகிறது. அதனால் தாண்ட வேண்டிய எல்லை 1.96-லிருந்து 1.645-க்கு இறங்குகிறது. ஆள் மிச்சமாவதன் ஒரே காரணம் இந்த இறக்கம்தான். தரவில் கூடுதலான தகவல் எதுவும் வந்து சேர்வதில்லை.

ஒரு குழுவுக்கு எத்தனை பேர் என்பதற்கான சூத்திரம்:

```
n = 2 * (z_alpha + z_power)^2 * (sd / delta)^2
```

கடைசிப் பகுதி இரண்டு சோதனைக்கும் பொது: 12-ஐ 5-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 5.76. 80 சதவீதப் பவருக்கான 0.842-ம் பொது. மாறுவது `z_alpha` மட்டும். திட்ட விலக்கத்தையும் தரவிலிருந்தே கணிக்கும் டி-சோதனைக்கு, சூத்திரம் தருவதைவிட ஓரிருவர் கூடுதலாக வேண்டும்.

| | இருபக்கம் | ஒருபக்கம் |
|---|---|---|
| z_alpha | 1.960 | 1.645 |
| இரண்டு z-களின் கூட்டுத்தொகை | 2.802 | 2.486 |
| அதன் வர்க்கம் | 7.85 | 6.18 |
| சூத்திரம் தரும் n | 90.4 | 71.2 |
| டி-சோதனைத் திருத்தத்துக்குப் பின், ஒரு குழுவுக்கு | 92 | 72 |
| 15% பேர் பாதியில் விலகினால், ஒரு குழுவுக்கு | 109 | 85 |
| மொத்தமாகச் சேர்க்க வேண்டியவர்கள் | 218 | 170 |

விலகல் வரிசையில் ஒரு சிறு கவனம் தேவை. 92-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். 1.15-ஆல் பெருக்கினால் 106 வரும். அதில் 15 சதவீதம் பேர் போய்விட்டால் கையில் 90 பேர்தான் மிஞ்சுவார்கள்.

மொத்தத்தில் 48 பேர் மிச்சம். சூத்திரத்தின் கணக்கில் 21 சதவீதமான இந்த மிச்சம் நிலையான எண் அல்ல. பவரை 90 சதவீதமாக்கினால் மிச்சம் சுமார் 18 சதவீதமாகச் சுருங்கும். பவர் 80 சதவீதத்திலேயே இருந்து ஆல்ஃபாவை 0.01-ஆக இறுக்கினால் 14 சதவீதம்தான். கட்டுப்பாடுகள் கடுமையாக ஆக, ஒருபக்கத்தின் லாபம் தேய்கிறது. ஆனால் வித்தியாசம் 5 மி.மீ.யா 3 மி.மீ.யா என்பது இந்த விகிதத்தைப் பாதிக்காது. இரண்டு சோதனைக்கும் அது ஒரே அளவில்தான் பெருகுகிறது.

72 பேரில் என்ன தெரியும், என்ன தெரியாது

குழுவுக்கு 72 பேர் என்று ஆய்வு முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சராசரி வித்தியாசத்தின் திட்டப் பிழை மிகச் சரியாக 2 மி.மீ. வருகிறது. மனக்கணக்குக்கு வசதியான எண்.

புதிய மாத்திரை 3.6 மி.மீ. கூடுதலாகக் குறைத்திருந்தால், அதைத் திட்டப் பிழையால் வகுத்து வரும் டி மதிப்பு 1.8. வித்தியாசமே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு, அதாவது பி மதிப்பு, ஒருபக்கத்தில் 0.037, முடிவு தேறிவிட்டது. இருபக்கத்தில் 0.074, தேறவில்லை. ஒருபக்கத்துக்கு 3.3 மி.மீ. போதும், அதே 72 பேரை வைத்து இருபக்கம் பார்த்தால் 3.95 மி.மீ. வேண்டும்.

இப்போது எதிர்த்திசை. புதிய மாத்திரை எடுத்தவர்களின் அழுத்தம் பழையதைவிட 4.5 மி.மீ. அதிகம் என்று வந்தால் டி மதிப்பு −2.25. இருபக்கச் சோதனையில் பி மதிப்பு 0.026: புதியது மோசம் என்று ஆதாரத்தோடு சொல்லலாம். ஒருபக்கச் சோதனையில் பி மதிப்பு 0.987. "மேலானது என்று காட்ட முடியவில்லை" என்பதற்கு மேல் அதிலிருந்து ஒரு வார்த்தைகூடச் சொல்ல முடியாது. வித்தியாசமே இல்லாத மாத்திரையும், அழுத்தத்தை ஏற்றிவிடும் மாத்திரையும் அந்தச் சோதனையின் கண்ணுக்கு ஒன்றுதான். முன்னதாகத் திசையை அறிவித்துவிட்டு, தரவு எதிராக வந்ததும் சோதனையைத் திருப்பிப் போடவும் வழியில்லை. எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் 0.05 ஒருபக்கச் சோதனை என்று வைத்தால், உண்மையான பிழை வாய்ப்பு 10 சதவீதமாகிவிடும்.

மருத்துவத்தில் எதிர்த்திசை வெறும் கற்பனை அல்ல. மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பு தாறுமாறாவதை அடக்கும் மருந்துகள் உயிரைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நடந்த `CAST` ஆய்வின் முதல் திட்டத்தில் ஒருபக்கச் சோதனைதான் இருந்தது. என்கைனைடு, ஃபிளெகைனைடு இரண்டும் மருத்துவர்கள் எழுதிக்கொண்டிருந்த மருந்துகள். அவற்றைத் தீங்கானவை என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. 1989-ல் ஆய்வில் அந்த இரண்டு மருந்துகளும் நிறுத்தப்பட்டன. 1991-ல் வெளியான முழு விவரப்படி, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், போலி மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இந்த ஆய்விலிருந்து கிடைத்த மிகப் பெரிய செய்தியே பெரும்பாலோர் எதிர்பாராத திசையில் இருந்தது.

அப்படியானால் ஒருபக்கம் எங்கே பொருந்தும்?

ஒரு கேள்வியில் தீர்த்துவிடலாம். எதிர்த்திசையில் பெரிய வித்தியாசம் வந்தாலும், வித்தியாசமே இல்லை என்று வந்தாலும், நாம் செய்யப்போவது ஒன்றேதானா? குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்கும்போது பதில் 'ஆம்'. வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தாலும் வெகு கீழே இருந்தாலும் நடவடிக்கை எதுவும் இல்லை. அங்கே ஒருபக்கச் சோதனைதான் இயல்பு. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்து என்றால் அதே கேள்விக்கு விடை 'இல்லை'. பயனில்லாத மருந்தை மெல்லக் கைவிடலாம். கொல்லும் மருந்தை இன்றே நிறுத்தியாக வேண்டும். "புதியது மேலாகத்தான் இருக்கும் என்று தெரியும்" என்பது காரணமே ஆகாது. அவ்வளவு உறுதியாகத் தெரிந்தால் ஆய்வே தேவையில்லை.

புதிய மருந்து பழையதற்குத் தாழ்ந்ததல்ல என்று மட்டும் காட்டும் ஆய்வுகள் இயல்பிலேயே ஒருபக்கம்தான். ஆனால் அங்கே வழக்கமாக ஆல்ஃபா 0.025. மருந்து ஆய்வுகளின் புள்ளியியலுக்காக 1998-ல் வந்த `ICH E9` வழிகாட்டியும் இதையே பொதுவாக விரும்புகிறது: மருந்து அனுமதிக்கான ஆய்வில் ஒருபக்கம் வைத்தால், இருபக்கத்துக்கு வழக்கமான ஆல்ஃபாவில் பாதியை வையுங்கள் என்கிறது. 0.025 போட்டதும் எல்லை திரும்ப 1.96-க்கு ஏறிவிடும், நம் ஆய்வுக்கு மறுபடி 92 பேர் வேண்டும். அதாவது மிச்சம் வருவது ஒருபக்கம் என்ற பெயரால் அல்ல, ஒரு திசைக்கான பிழை அனுமதியை 2.5-லிருந்து 5 சதவீதமாக இரட்டிப்பாக்குவதால். அதைப் பரிசீலகர் ஏற்பாரா என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

தெரியாமலே ஒருபக்கம் ஆகிவிடுவது

நடைமுறையில் அதிகம் நேரும் தவறு, ஒருபக்கத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பது அல்ல, மென்பொருள் காட்டியதை அப்படியே விட்டுவிடுவது. இரண்டு சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்கு `G*Power` திறக்கும்போது `Tail(s)` என்ற இடத்தில் `One` என்றுதான் இருக்கும். அதைக் கவனிக்காமல் எண்களைப் போட்டால் 72 வரும். R-ல் நிலைமை தலைகீழ். எதுவும் சொல்லாவிட்டால் அது இருபக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

```r
power.t.test(delta = 5, sd = 12, power = 0.80)
power.t.test(delta = 5, sd = 12, power = 0.80,
             alternative = "one.sided")
```

முதல் வரி 91.4 பக்கம் தரும், அடுத்தது 71.9. மேலே முழு எண்ணாக்கினால் 92, 72.

72 பேரைச் சேர்த்துவிட்டுக் கடைசியில் வழக்கம்போல இருபக்கச் சோதனை செய்தால், திட்டத்தில் எழுதிய 80 சதவீதப் பவர் உண்மையில் 70 சதவீதம்தான். 5 மி.மீ. வித்தியாசம் நிஜமாகவே இருந்தும் அதைத் தவறவிடும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் மூன்றுக்கு ஏறிவிட்டது. பிறர் திட்டத்தைச் சரிபார்க்கும்போது இதைக் கண்டுபிடிப்பது எளிது. அவர்கள் கொடுத்த திட்ட விலக்கத்தையும் வித்தியாசத்தையும் இருபக்கச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். அவர்கள் சொன்ன எண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால், எங்கோ `One` அழுத்தப்பட்டிருக்கிறது.

ஆள் குறைய வேண்டும் என்றால்

திட்ட விலக்கத்தின் மேல் கவனம் செலுத்துவதே மேல் என்பது எங்கள் கருத்து. சூத்திரத்தில் அது வர்க்கமாக வருகிறது. 12 என்று நினைத்தது 13.5 ஆக இருந்துவிட்டால் தேவை 27 சதவீதம் ஏறி, ஒருபக்கம் தந்த மிச்சத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விழுங்கிவிடும். அதே வர்க்கம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். மாத்திரை தொடங்கும் முன் எடுத்த அழுத்தத்தையும் பகுப்பாய்வில் சேர்த்து, கோவேரியன்ஸ் முறையில் சரிசெய்தால், தேவை (1 − ρ²) மடங்காகும். ρ என்பது முன் அளவுக்கும் பின் அளவுக்கும் உள்ள ஒட்டுறவு. அது 0.5 என்றால் பெருக்க வேண்டியது 0.75. 90.4 என்பது 67.8 ஆகிறது, சிறு திருத்தங்களோடு குழுவுக்குச் சுமார் 69 பேர். ஒருபக்கச் சோதனை கேட்ட 72-ஐவிட இது குறைவு. புதிய மாத்திரை மோசமாக இருந்தால் அதைச் சொல்லும் உரிமையும் கையில் இருக்கிறது. ஒட்டுறவு 0.46-க்குக் கீழே போனால் மட்டும் இந்த வழியின் மிச்சம் 21 சதவீதத்தைத் தொடாது. அதனால் முந்தைய தரவிலிருந்து ρ-வைக் கணித்த பிறகே அதைத் திட்டத்தில் எழுத வேண்டும்.