கூடுதல் நேரம் கேட்கும் பிள்ளை: ஐபோனின் கோரிக்கையா, ஃபேமிலி லிங்க்கின் போனஸா?

இரவு ஒன்பது மணிக்கு மேல் பிள்ளையின் போன் அடங்கிவிட வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்கு இன்று முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஆப்பிள் 2018-இல் ஐஓஎஸ் 12-உடன் கொண்டுவந்த ஸ்கிரீன் டைம். மற்றொன்று, அதற்கு முந்தைய ஆண்டு கூகுள் வெளியிட்ட ஃபேமிலி லிங்க். இரண்டிலும் டவுன்டைம், அதாவது போன் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பூட்டியிருக்க வேண்டும் என்று குறித்து வைக்கும் வசதி, உண்டு. நேரம் வந்ததும் இரண்டும் பூட்டும். பூட்டிய பிறகு பிள்ளை "இன்னும் கொஞ்ச நேரம்" என்று கேட்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இவை பிரிகின்றன. எதை வாங்குவது என்று முடிவெடுக்க அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. டவுன்டைம் இரவு 9 முதல் காலை 6.30 வரை. அம்மா வேலையில் இருக்கிறார். 9.20-க்கு, பாடம் தொடர்பான ஒரு வீடியோ பாதியில் நிற்கிறது.

பிள்ளையிடம் இருப்பது ஐபோன் என்றால், அந்தச் செயலியின் மேல் ஒரு திரை வந்து மறைத்துக்கொள்ளும். அதில் Ask For More Time என்று இருக்கும். அதைத் தொட்டால் கோரிக்கை அனுப்பலாம், ஸ்கிரீன் டைம் கடவு எண்ணை அங்கேயே போடலாம், அல்லது யாரையும் கேட்காமல் ஒரே ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். கோரிக்கை அனுப்பினால் அம்மாவின் போனில் அறிவிப்பு வரும். ஐஓஎஸ் 16-இலிருந்து மெசேஜஸ் செயலிக்குள்ளும் வருகிறது. பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், இன்று முழுவதும், வேண்டாம் என்று நான்கு பதில்களில் ஒன்றைத் தொட்டால் போதும். பிள்ளையின் போனில் அந்த ஒரு செயலி மட்டும் திறக்கும். மற்றவை பூட்டியபடியே இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலமே இதுதான். வீடியோவுக்குக் கேட்ட பதினைந்து நிமிடத்தில் கேமுக்குள் போக முடியாது. பலவீனமும் அதே அறிவிப்பில்தான் இருக்கிறது. எந்தப் பிள்ளை, எந்தச் செயலி என்று அது சொல்லும்; ஏன் கேட்கிறது என்று சொல்லாது. வேலைக்கு நடுவே, காரணம் தெரியாமல், ஒரு தொடுதலில் "சரி" சொல்லிவிட முடிகிறது. மறுநாளும் அப்படியே சொல்லிவிட முடிகிறது. அதனால் கோரிக்கை அனுப்பும் முன் ஒரு வரி செய்தியில் காரணம் எழுத வேண்டும் என்று வீட்டில் பேசி வைத்துக்கொள்வது நல்லது. செய்திகளுக்கான செயலி பெரும்பாலும் எப்போதும் அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கும் என்பதால், பிள்ளையால் டவுன்டைமிலும் எழுத முடியும். (அதே காரணத்தால் நடுராத்திரி அரட்டையும் நடக்கும். அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.)

பிள்ளையிடம் இருப்பது ஆண்ட்ராய்டு, ஃபேமிலி லிங்க் போட்டிருக்கிறீர்கள் என்றால் கதை வேறு. 9 மணிக்குப் போனே பூட்டிக்கொள்ளும். வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பு செய்யலாம், அவ்வளவுதான். இங்கே நேரம் கிடைக்கும் முக்கிய வழி பெற்றோர் கொடுக்கும் போனஸ் நேரம். பிள்ளை எப்படியாவது விஷயத்தைச் சொல்ல வேண்டும். அம்மா ஃபேமிலி லிங்க்கைத் திறந்து, பிள்ளையின் போனைத் தேர்ந்தெடுத்து, நேரத்தைக் கூட்ட வேண்டும். அன்றைக்கு மட்டும் அது செல்லும். வழக்கமான வரம்பு மாறாது. ஆனால் திறப்பது மொத்தப் போனும். வீடியோவுக்கு என்று கொடுத்த அரை மணி நேரத்தில் வேறு என்ன ஓடியது என்பது பிறகு பயன்பாட்டு விவரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பிள்ளையின் போனில் இணையம் இல்லையென்றால் போனஸ் போய்ச் சேராது. அதற்காகத்தான் பெற்றோர் அணுகல் குறியீடு இருக்கிறது. அம்மா தன் செயலியில் தெரியும் எண்ணை அழைப்பில் சொன்னால், பிள்ளை அதைப் பூட்டுத் திரையில் போட்டுத் திறக்கலாம். அந்த எண் அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதால் பிள்ளைக்குத் தெரிந்தாலும் நாளைக்கு உதவாது. ஆப்பிளின் நான்கு இலக்கக் கடவு எண் அப்படியல்ல. நீங்களாக மாற்றும்வரை அதே எண்தான். பிள்ளையின் போனில், பிள்ளையின் கண் முன்னே அதைப் போட்டீர்களானால் கோரிக்கைகள் வருவது சட்டென்று நின்றுபோகும்.

கோரிக்கை வராமல் போவதற்கு இன்னொரு காரணம் உண்டு, பலர் கவனிக்காதது. ஐபோனில் டவுன்டைம் போட்டால் மட்டும் போதாது. அதே பக்கத்தில் Block at Downtime என்பதையும் இயக்க வேண்டும். செயலி வரம்புகளுக்கு Block at End of Limit. இவை அணைந்திருந்தால் பிள்ளையின் திரையில் Ask For More Time வராது, Ignore Limit என்றுதான் வரும். அதைத் தொட்டு, பதினைந்து நிமிடமோ அன்று முழுவதுமோ பிள்ளை தானே எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு ஓர் அறிவிப்பும் வராது. வாரக்கணக்கில் ஒரு கோரிக்கையும் இல்லையே, பிள்ளை பழகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். சோதிப்பது எளிது: ஒன்பது மணிக்குப் பிள்ளையின் போனை வாங்கி, பூட்டிய செயலி ஒன்றைத் தொட்டு, எந்தச் சொல் வருகிறது என்று பாருங்கள்.

விண்டோஸ் கணினியும் எக்ஸ்பாக்ஸும் இருக்கும் வீட்டுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டியும் ஒரு தேர்வு. அதிலும் பிள்ளை நேரம் கேட்கலாம், மின்னஞ்சலிலும் செயலியிலும் செய்தி வரும். மின்னஞ்சலை மட்டும் நம்பியிருந்தால் அது மற்ற அஞ்சல்களுக்குள் புதைந்துவிடும். செயலியையும் போட்டுக்கொள்வது அவசியம்.

எதை எடுப்பது? பல வீடுகளில் பெற்றோரின் போனே பாதி முடிவைச் செய்துவிடும். ஆப்பிளின் கோரிக்கை வந்து சேர, பெற்றோரிடமும் ஆப்பிள் சாதனம் இருந்து, ஆப்பிளின் குடும்பப் பகிர்வுக் குழுவில் இருவரும் இணைந்திருக்க வேண்டும். ஃபேமிலி லிங்க்கைப் பெற்றோர் ஐபோனிலும் ஆண்ட்ராய்டிலும் வைத்துக்கொள்ளலாம். பிள்ளையின் சாதனம்தான் ஆண்ட்ராய்டாகவோ குரோம்புக்காகவோ இருக்க வேண்டும்.

இரண்டுக்கும் வழி இருக்கும் வீட்டில், சிறு பிள்ளைக்கு நான் ஃபேமிலி லிங்க்கையே சொல்வேன். பெரும்பாலும் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். வாய்விட்டுக் கேட்க வேண்டியிருப்பது அந்த வயதுக்கு நல்லது, "ஏன்" என்ற கேள்வியும் தானாகவே வந்துவிடும். பதின்பருவத்துப் பிள்ளை, வெளியே வேலைபார்க்கும் பெற்றோர் என்றால் ஐபோனின் கோரிக்கை மேல். ஒரு செயலியை மட்டும் திறந்துவிடும் வசதி அந்த வயதில்தான் மிகவும் தேவைப்படுகிறது.

ஐபோன் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கோரிக்கை, குடும்பக் குழுவில் பெற்றோராக உள்ள எல்லோருக்கும் போகும். அம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா ஒரு மணி நேரம் கொடுத்துவிடலாம். ஒன்பது மணிக்கு மேல் யார் பதில் சொல்வது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள். அடுத்தது, 2023-இல் ஸ்கிரீன் டைம் அமைப்புகள் தாமாகவே பழைய நிலைக்கு மாறிவிடும் கோளாறு இருப்பதை ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அதனால் ஒவ்வொரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகும் டவுன்டைம் நேரத்தையும் Block at Downtime-ஐயும் உங்கள் போனில் மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ளாமல், பிள்ளையின் போனிலும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.