பக்கிளில் தெரியும் ஜன்னல்: ஹெச்டிஆர்ஐயா, கையால் வைத்த லைட்டா?

நடிகர் மேல் சிஜி லெதர் ஜாக்கெட் ஏற்றும்போது, செட்டில் ஒளி தந்த ஜன்னலுக்குப் பதில் பிளெண்டரில் ஒரு ஏரியா லைட் வைத்தாலே லெதர் பெரும்பாலும் ஒத்துப்போகும். ரஃப்னஸ் 0.5 அளவில் இருந்தால் பிரதிபலிப்பு மங்கிப் பரவும், கண் மன்னித்துவிடும். ஜாக்கெட்டின் பக்கிள் மன்னிக்காது. 0.1 ரஃப்னஸ் உள்ள உலோகத்தில் அந்த லைட் வெறும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும்; ஜன்னல் கம்பி, தரை, எதிர்ச்சுவர் எதுவும் இருக்காது.

செட்டைச் சுற்றிலும் பல எக்ஸ்போஷரில் எடுத்துச் சேர்த்த 360 டிகிரி படமான ஹெச்டிஆர்ஐ இதையெல்லாம் தானாகவே கொடுத்துவிடும். சரி, ஆனால் அது ஒளியை எல்லையற்ற தூரத்தில் வைக்கிறது. நடிகர் ஜன்னலை நெருங்கி நடந்தாலும் பக்கிளில் ஜன்னல் பெரிதாகாது. அங்கேதான் குட்டு வெளிப்படும். அப்போது நான் ஹெச்டிஆர்ஐயில் ஜன்னலை மட்டும் அழித்து, அந்தத் துண்டையே ஏரியா லைட்டில் ஒட்டி, அளந்த தூரத்தில் வைப்பேன்.